பட்டுவாடாவும் பாஸ்புக்கும்: கூலி யார் கை வழியாக வருகிறது?



நினைவுச் சொற்பொழிவு என்றால் பெரிய கேள்விகளை எடுத்துப் பேசுவதுதான் வழக்கம். நான் இன்று எடுத்திருப்பது மாதத்தின் முதல் வாரத்தில் நம் தெருக்களில் காதில் விழுகிற ஒரு சின்னக் கேள்வி. “சம்பளம் ஏறிடுச்சா?” என்று ஒரு பெண் இன்னொரு பெண்ணைக் கேட்கிறாள். அவளுடைய அம்மா இதே வேலையைச் செய்த காலத்தில் கேள்வி வேறாக இருந்தது: “பட்டுவாடா எப்போ? யார் குடுக்குறாங்க?” ‘யார்’ என்ற சொல் இப்போது கேள்வியிலிருந்து போய்விட்டது. அது உண்மையிலேயே போய்விட்டதா, வேறு இடத்தில் ஒளிந்துகொண்டிருக்கிறதா என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும். நகராட்சிகளில் ஒப்பந்த முறையில் வேலை செய்கிற தூய்மைப் பணியாளர்களை வைத்தே பேசுகிறேன். நம் வீடுகளுக்கு நெருக்கமான வேலை அது, நான் அதிகம் கணக்குப் பார்த்ததும் அங்கேதான்.

முதலில் ஒரு முரணைச் சொல்லிவிடுகிறேன். இன்று நாம் ரொக்கக் கூலி வேண்டாம், வங்கியில் போடு என்று கேட்கிறோம். ஆனால் ஒரு காலத்தில் ரொக்கமே தொழிலாளிக்குக் கிடைத்த பாதுகாப்பாக இருந்தது. 1936ஆம் ஆண்டின் ஊதியப் பட்டுவாடாச் சட்டம், கூலியை நாணயமாகவோ நோட்டாகவோதான் கொடுக்க வேண்டும் என்று சொன்னது. நெல்லாக, படியாக, கடைச் சீட்டாகக் கொடுத்துக் கணக்கை மூடும் பழக்கத்துக்கு எதிராக எழுதப்பட்ட வரி அது. பண்ணையில் படியளந்தவன் மரக்காலைத் தலைதட்டி அளந்த கதை இங்கே இருக்கிற பெரியவர்களுக்குத் தெரியும். காசு என்றால் எண்ணிப் பார்க்கலாம், அளவையில் ஏமாற்ற முடியாது.

ஆனால் காசும் ஒரு கை வழியாகத்தான் வந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன நம் மக்களின் வரலாற்றில் கங்காணி அந்தக் கையாக இருந்தான். ஆட்களைச் சேர்த்தவன், கடன் கொடுத்தவன், வேலை வாங்கியவன் எல்லாம் அவனே. தொழிலாளி எவ்வளவு கடன்பட்டிருக்கிறான் என்று ஒரு ‘துண்டு’ எழுதப்படும். அந்தத் தொகையைக் கட்டினால்தான் அடுத்த தோட்டம் அவனை எடுத்துக்கொள்ளும். 1921இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிந்தது. ஆனால் ஆளைக் கொண்டுவந்தவனே கூலியையும் கையில் வைத்திருந்தால் என்ன ஆகும் என்ற பாடம் ஒழியவில்லை. கங்காணி, மேஸ்திரி, சூப்பர்வைசர் என்று பெயர்தான் மாறியது.

1976இல் 1936ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தினார்கள். தொழிலாளி எழுத்தில் சம்மதம் கொடுத்தால் காசோலையாகவோ வங்கிக் கணக்கிலோ கொடுக்கலாம் என்றார்கள். 2016 நவம்பரில் பணமதிப்பிழப்பு வந்தது. அதைத் தொடர்ந்து டிசம்பரில் அவசரச் சட்டமும் 2017இல் திருத்தமும் வந்தன. எழுத்துச் சம்மதம் தேவையில்லை என்றானது. எந்தெந்த நிறுவனங்களில் கட்டாயம் வங்கி வழியாகத்தான் கொடுக்க வேண்டும் என்று அரசு அறிவிக்கலாம் என்றும் ஆனது. 2019இல் இயற்றி 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்ட ஊதியச் சட்டத் தொகுப்பும் இதே வழியில்தான் போகிறது: ரொக்கம், காசோலை, வங்கி வரவு, மின்னணு முறை எல்லாம் செல்லும். ஆகவே ‘ரொக்கமாகக் கொடுப்பது சட்டவிரோதம்’ என்று பொதுவாக மேடையில் சொல்லாதீர்கள். உங்கள் நிறுவன வகைக்கு அறிவிப்பு இருக்கிறதா, ஒப்பந்தப் பத்திரத்தில் வங்கி வழி என்ற நிபந்தனை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். தவறான சட்டத்தைச் சொல்லிப் போராடினால் எதிர்த்தரப்பு முதல் நிமிடத்திலேயே ஜெயித்துவிடும்.

இப்போது ஒரு கணக்குக்குள் போவோம். நகராட்சியின் பெயர் வேண்டாம். எண்கள் கணக்கு எளிதாகப் புரிய நான் வைத்துக்கொண்டவை. நடக்கிற முறை பல ஊர்களில் பார்த்தது.

நகராட்சி ஒரு ஒப்பந்ததாரருக்கு 80 தூய்மைப் பணியாளர்களுக்கான வேலையைக் கொடுக்கிறது. நாள் கூலி 550 ரூபாய், மாதம் 26 நாள் வேலை என்று வைத்துக்கொள்வோம். மொத்தக் கூலி 14,300. இதில் தொழிலாளியிடமிருந்து பிடிக்கக்கூடியவை இரண்டு. பி.எஃப். 12 விழுக்காடு, அதாவது 1,716 ரூபாய். இ.எஸ்.ஐ. 0.75 விழுக்காடு, அதை மேல் ரூபாய்க்கு உயர்த்தினால் 108. இரண்டும் சேர்ந்து 1,824. அந்த அம்மாவின் கைக்கு வர வேண்டியது 12,476 ரூபாய்.

ரொக்கப் பட்டுவாடா எப்படி நடக்கிறது? நகராட்சி அலுவலகத்தில் அல்ல, ஒப்பந்ததாரர் வீட்டு வாசலில் அல்லது குப்பைக் கிடங்கு ஓரத்தில் ஒரு மேசை. சூப்பர்வைசர் பேர் கூப்பிடுகிறார். பதிவேட்டில் ரெவின்யூ ஸ்டாம்ப் மேல் கையெழுத்தோ கைநாட்டோ வாங்குகிறார். தொகை எழுதும் கட்டம் காலியாக இருக்கும், அல்லது பென்சிலால் எழுதியிருக்கும். பிறகு கையில் 9,100 ரூபாய் தருகிறார், நாளைக்கு 350 கணக்கில். “மீதி எங்க?” என்று கேட்டால், “பி.எஃப்., இ.எஸ்.ஐ. புடிச்சிருக்கு” என்பது பதில். பல இடங்களில் நோட்டு கையில் படாமல் மேசையில் போடப்படும். அதைப் பற்றி இந்த அவையில் நான் விளக்கத் தேவையில்லை.

அந்தப் பதிலைச் சோதித்துப் பார்ப்போம். 14,300க்கும் 9,100க்கும் இடைவெளி 5,200. சட்டப்படி பிடிக்கக்கூடியது 1,824. சில ஒப்பந்ததாரர்கள் தாங்கள் கட்ட வேண்டிய பங்கையும் தொழிலாளி தலையில் கட்டுவார்கள். அது சட்டத்துக்கு விரோதம், இருந்தாலும் அதையும் சேர்த்தே பார்ப்போம்: பி.எஃப்.புக்கு இன்னொரு 1,716, இ.எஸ்.ஐ.க்கு 3.25 விழுக்காடு வகையில் 465. எல்லாம் கூட்டினாலும் 4,005தான். அவர் சொல்கிற பொய்க்குள்ளேயே இன்னும் 1,195 ரூபாய் கணக்கில்லாமல் நிற்கிறது. இந்தக் கூட்டல் கழித்தலை ஒரு தாளில் போட்டு மேசைமேல் வைத்த இடங்களில் சூப்பர்வைசரின் பேச்சு உடனே தணிந்ததைப் பார்த்திருக்கிறேன். உண்மையில் ஒரு ஆளிடம் மாதம் போனது 3,376 ரூபாய். 80 பேருக்கு 2,70,080. ஓராண்டுக்கு 32,40,960 ரூபாய். ஒரே ஒரு சின்ன ஊரின் ஒரே ஒரு ஒப்பந்தத்தில்.

இதைத் தடுக்கச் சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் 21ஆம் பிரிவு, பட்டுவாடா நடக்கும்போது முதன்மை வேலையளிப்பவரின் பிரதிநிதி ஒருவர் அங்கே இருக்க வேண்டும், ‘என் முன்னிலையில் கொடுக்கப்பட்டது’ என்று பதிவேட்டில் சான்றளிக்க வேண்டும் என்றது. இங்கே முதன்மை வேலையளிப்பவர் நகராட்சி. ஒப்பந்ததாரர் கொடுக்காமல் விட்டால் அல்லது குறைத்துக் கொடுத்தால் நகராட்சியே கொடுத்துவிட்டு அவரிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்றும் அதே பிரிவு சொன்னது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் சான்றளிக்க வேண்டிய அதிகாரி பட்டுவாடா நடந்த இடத்துக்கே வராமல், பிறகு அலுவலகத்தில் உட்கார்ந்து 80 வரிகளுக்கும் சேர்த்து ஒரே கையெழுத்துப் போட்டால் அந்தப் பிரிவு செத்துவிடுகிறது. அதற்குப் பிறகு பதிவேட்டில் இருப்பது மூன்று சாட்சிகள்: தொழிலாளியின் கைநாட்டு, ஒப்பந்ததாரரின் கணக்கு, அரசு அதிகாரியின் சான்று. மூன்றுமே ‘12,476 கொடுக்கப்பட்டது’ என்று சொல்கின்றன. எதிரே நிற்பது அந்த அம்மாவின் வாய்ச்சொல் மட்டும். சாதி இருக்கிற ஊரில் யாருடைய வாய்ச்சொல் எடைபெறும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சம்பளக் கணக்கு செய்கிற முதல் வேலை இந்தச் சாட்சிகளின் வரிசையை மாற்றுவது. பணம் ஒப்பந்ததாரரின் கணக்கிலிருந்து நேராக அவர் கணக்குக்குப் போக வேண்டும். போன தேதி, தொகை, அனுப்பியவர் பெயர் மூன்றும் இரண்டு தரப்புக்கும் சம்பந்தமில்லாத மூன்றாவது இடத்தில் பதிவாகின்றன. அந்தப் பதிவை ஒப்பந்ததாரர் திருத்த முடியாது, நகராட்சி அதிகாரி சான்றளிக்கவும் தேவையில்லை. 9,100 போட்டால் 9,100 என்றுதான் நிற்கும். தொழிலாளி நிரூபிக்க வேண்டியது எதுவும் இல்லை, பாஸ்புக்கை அச்சடித்து நீட்டினால் போதும்.

இரண்டாவது வேலை இன்னும் ஆழமானது. அது அவர் ‘வேலை செய்தார்’ என்பதற்கே சான்றாகிறது. சாக்கடையில் இறங்கியவர் இறந்தாலோ லாரியில் அடிபட்டாலோ, ஒப்பந்ததாரர் வாயிலிருந்து முதலில் வரும் சொற்கள், “அவர் நம்ம ஆள் இல்லைங்க” அல்லது “நாலு நாள்தான் வந்தாரு”. நகராட்சி ஒப்பந்ததாரரைக் காட்டும், ஒப்பந்ததாரர் யாரோ மேஸ்திரியைக் காட்டுவார். அப்போது ஒன்பது மாதமாக, மாதாமாதம், அதே ஒப்பந்ததாரர் பெயரில் வந்த வரவு வரிகள் பாஸ்புக்கில் இருந்தால் அந்தப் பேச்சு அங்கேயே நிற்கும்.

இழப்பீட்டுத் தொகையும் கூலியின் அளவையே பிடித்துக்கொண்டு நிற்கிறது. இ.எஸ்.ஐ.யில் வராத தொழிலாளி ஒருவர் வேலையில் இறந்தால், 1923ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த கணக்கு இது: மாதக் கூலியில் பாதியை எடுத்து, வயதுக்குரிய ஒரு எண்ணால் பெருக்க வேண்டும். 35 வயதுக்கு அந்த எண் 197.06. கூலி 14,300 என்று நிரூபணமானால் 7,150ஐ 197.06ஆல் பெருக்கி 14,08,979 ரூபாய் வரும். ஒப்பந்ததாரர் சொல்கிற 9,100தான் கூலி என்று முடிவானால் 8,96,623. வித்தியாசம் ஐந்து லட்சத்துக்கு மேல். உயிரோடு இருந்தபோது மாதம் மூவாயிரம் சொச்சம் திருடியவன், செத்த பிறகு குடும்பத்திடமிருந்து ஐந்து லட்சம் திருடுகிறான். இரண்டையும் ஒரே காலிக் கட்டம் செய்கிறது.

இதோடு நிறுத்தினால் நான் வங்கிக்கு விளம்பரம் செய்பவன் ஆகிவிடுவேன். கணக்கு தொடங்கியதும் திருட்டு நின்றுவிடவில்லை, உருவம் மாறியது. எனக்குத் தெரிந்து முக்கியமான மாற்றங்கள் இரண்டு.

ஒன்று கார்டு. எல்லோருக்கும் கணக்கு தொடங்கிக் கொடுப்பதாகச் சொல்லி சூப்பர்வைசரே ஆட்களை வங்கிக்கு அழைத்துப் போவார். படிவத்தில் அவருடைய கைபேசி எண் இருக்கும். ஏ.டி.எம். கார்டும் ரகசிய எண் உறையும் அவரிடமே வரும். சம்பளம் ஏறிய நாளில் அவரே எல்லாக் கார்டுகளையும் போட்டு எடுத்து, பழையபடி 9,100ஐ கையில் கொடுப்பார். பாஸ்புக் முழுச் சம்பளத்தைக் காட்டும், பழைய பதிவேட்டைவிட வலுவாக ஒப்பந்ததாரருக்குச் சாதகமாகவே சாட்சி சொல்லும். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. பத்துப் பேரின் கணக்கு விவரத்தை வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். எல்லோரும் ஒரே நாளில், ஒரே ஏ.டி.எம்.மில், அடுத்தடுத்த நிமிடங்களில், ஒரே தொகையை எடுத்திருந்தால் அது தற்செயல் அல்ல, ஒரே கை எடுத்திருக்கிறது. அந்த நேரத்தில் அந்தப் பத்துப் பேரும் வார்டில் வேலையில் இருந்ததாக வருகைப் பதிவேடு சொன்னால் இன்னும் நல்லது. ஒப்பந்ததாரரின் பதிவேடே அவருக்கு எதிராகத் திரும்பும்.

கார்டு தொழிலாளி கையில் இருக்கிற இடங்களில் அடுத்த நாள் “கட்டிங்” கேட்பார்கள். இதை முழுதாகத் தடுக்க வங்கிக் கணக்கால் முடியாது. ஆனாலும் ஒரு வேறுபாடு இருக்கிறது. முன்பு கொடுக்காமல் விட்டார்கள், இப்போது கொடுத்ததைப் பிடுங்க வர வேண்டியிருக்கிறது. பிடுங்குவதற்கு ஆள் வேண்டும், இடம் வேண்டும், மிரட்டல் வேண்டும். அதை மறுக்கவும் முடியும், கைபேசியில் பதிவு செய்யவும் முடியும், 80 பேரும் ஒரே மாதத்தில் மறுக்கவும் முடியும். சங்கம் இல்லாத இடத்தில் இந்த வேறுபாட்டால் பெரிய பயன் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டாவது மாற்றம்தான் கெட்டிக்காரத்தனமானது. அதைக் கண்டுபிடிக்கத் தெரியாமல் பல தோழர்கள் ஏமாந்து போகிறார்கள். ஒப்பந்ததாரர் கூலி விகிதத்தைத் தொடுவதில்லை, நாளைக் குறைக்கிறார். 26 நாள் வேலை செய்த அம்மாவுக்குப் பதிவேட்டில் 17 நாள் போடுகிறார். 17 நாளுக்கு 550 வீதம் 9,350. அதில் பி.எஃப். 1,122, இ.எஸ்.ஐ. 71. வங்கியில் ஏறுவது 8,157. இப்போது எல்லாமே சட்டப்படி சுத்தமாக இருக்கிறது. குறைந்தபட்சக் கூலிக்குக் குறையவில்லை, பி.எஃப். கட்டியாயிற்று, வங்கி வழியாகக் கொடுத்தாயிற்று. ரொக்கத்தில் கிடைத்த 9,100ஐவிடக் குறைவாகவே வந்திருக்கிறது, ஆனால் பாஸ்புக்கில் ஒரு குற்றமும் தெரியாது. பாஸ்புக்குக்கு ‘எவ்வளவு’ என்று சொல்லத்தான் தெரியும். எத்தனை நாளுக்கு என்று அதற்குத் தெரியாது.

நாளின் சாட்சியைத் தொழிலாளி தானே வைத்திருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். ஒரு நாலு ரூபாய் காலண்டர் தாள் போதும். வேலைக்குப் போன நாளில் வார்டு எண்ணையும், கூட வேலை செய்தவர் பெயரையும் எழுதிவைக்க வேண்டும். எழுதத் தெரியாதவர்களுக்கு வீட்டில் பள்ளிக்குப் போகிற பிள்ளை எழுதட்டும். இதற்கு எதிரே வைத்துப் பார்க்க வேண்டியது பி.எஃப். பாஸ்புக். ஒவ்வொரு தொழிலாளிக்கும் யு.ஏ.என். என்ற 12 இலக்க எண் இருக்கிறது. அதில் பதிவான கைபேசியிலிருந்து 9966044425 என்ற எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால் கடைசியாகக் கட்டிய தொகை குறுஞ்செய்தியாக வரும். பிடித்த பி.எஃப். 1,122 என்று வந்தால் அதை 0.12ஆல் வகுத்துப் பாருங்கள், 9,350 வரும். அதை 550ஆல் வகுத்தால் 17. ஒப்பந்ததாரர் அரசாங்கத்திடம் எத்தனை நாள் என்று சொல்லியிருக்கிறார் என்பது ஒரு மிஸ்டு காலில் தெரிந்துவிடுகிறது. மாணவர்கள் இந்த இரண்டு வகுத்தலையும் தங்கள் தெருவில் பத்துப் பேருக்குச் செய்து கொடுத்தால், நான் இங்கே ஒரு மணி நேரம் பேசுவதைவிட அது பெரிய வேலை.

பாக்கி ஒன்பது நாளுக்கு என்ன ஆயிற்று? இங்கேதான் நகராட்சியின் சொந்தத் தாள்கள் உதவும். ஒப்பந்ததாரர் தொழிலாளிக்கு 17 நாள் என்று காட்டிவிட்டு, நகராட்சிக்குப் பில் போடும்போது 26 நாள் ஆள் கொடுத்ததாகக் காட்டியிருப்பார். இல்லாவிட்டால் அவருக்கு லாபம் இல்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் கேளுங்கள்: இந்த மாதத்துக்கு ஒப்பந்ததாரர் தந்த பில், அதோடு இணைத்த ஊதியப் பதிவேடு, வருகைப் பதிவேடு, பி.எஃப். செலுத்திய விவரம், வங்கிப் பரிமாற்றப் பட்டியல். பொதுவாக ‘ஒப்பந்த விவரம் தருக’ என்று கேட்டால் ஒரு பக்கக் கடிதம் வரும், பயனில்லை. தாள்களின் பெயரைச் சொல்லி, மாதத்தைச் சொல்லிக் கேட்க வேண்டும். 30 நாளில் பதில் வர வேண்டும். பில்லில் 26, பி.எஃப்.பில் 17 என்று இரண்டு எண்களும் கைக்கு வந்துவிட்டால், அது தொழிலாளியின் வழக்கு மட்டுமல்ல, பொதுப்பணக் கையாடலும் ஆகிவிடுகிறது. நகராட்சி நிர்வாகம் அப்போதுதான் பேச்சுவார்த்தைக்கு நாற்காலி போடும்.

உரிமை கோரும் இடத்தில் புதிய சட்டத் தொகுப்பு சில நல்ல விஷயங்களைத் தருகிறது. தொழிற்சங்க உரிமைகளில் புதிய தொகுப்புகள் செய்திருக்கும் சேதம் பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு, அது வேறு நாள் பேச்சு. ஆனால் கூலிப் பாக்கியைப் பொறுத்தவரை, பழைய பட்டுவாடாச் சட்டத்தில் 12 மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்றிருந்தது, இப்போது மூன்று ஆண்டு. பாக்கித் தொகையோடு பத்து மடங்குவரை இழப்பீடு விதிக்க அதிகாரம் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, கூலி கொடுக்கப்படவில்லை, குறைத்துக் கொடுக்கப்பட்டது என்று தொழிலாளி கோரினால், கொடுத்தேன் என்று நிரூபிக்கிற சுமை வேலையளிப்பவருடையது என்று 59ஆம் பிரிவு தெளிவாக எழுதியிருக்கிறது. ஊதியச் சீட்டு தருவதும் கட்டாயம். 1946இல் வைஸ்ராய் கவுன்சிலின் தொழிலாளர் உறுப்பினராக அம்பேத்கர் குறைந்தபட்சக் கூலி மசோதாவைக் கொண்டுவந்தார், அது 1948இல் சட்டமானது. கூலியின் அளவை நிர்ணயிக்கிற சட்டம் அப்போதே கிடைத்துவிட்டது. அந்த அளவு கைக்கு வந்ததா என்று யார் நிரூபிப்பது என்பதற்குத்தான் இத்தனை காலம் ஆகியிருக்கிறது.

நிரூபிக்கும் சுமை அவர் தலையில் இருந்தாலும், கைநாட்டு வைத்த பதிவேட்டை அவர் நீட்டினால் சுமை இறங்கிவிடும். வங்கி வழியாகக் கொடுக்கும் இடத்தில் அந்தப் பதிவேடு போதாது, “வரவு எங்கே?” என்று அதிகாரி கேட்பார். ரொக்கமும் கைநாட்டும் சேர்ந்த இடத்தில் 59ஆம் பிரிவு பல்லில்லாத பாம்பு. ஆகவே வங்கியில் போட்டாலும், காலியான கட்டத்துக்கு மேல் கையெழுத்துப் போடாதீர்கள். தொகையைப் பேனாவால் எழுதிய பிறகு போடுங்கள், முடிந்தால் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கணக்கு எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது அவருடைய பெயரில் மட்டும் இருக்க வேண்டும். கணவனோடு கூட்டாக அல்ல, கணவன் கைபேசி எண்ணோடும் அல்ல. பெண் தொழிலாளர்களின் சம்பளம் ‘வீட்டுக்காரர் கணக்கில் போட்டுடுங்க’ என்று போவதை நிறையப் பார்க்கிறேன். அப்போது பாஸ்புக் அவர் வேலை செய்ததற்குச் சாட்சியாகவும் இருக்காது, இழப்பீட்டுக்கும் உதவாது. குறைந்தபட்ச இருப்பு தேவையில்லாத அடிப்படைச் சேமிப்புக் கணக்கை எந்த வங்கியிலும் கேட்கலாம். மாதம் நான்கு முறையாவது கட்டணமின்றிப் பணம் எடுக்கலாம். ‘அப்படி ஒன்றும் இல்லை’ என்று கவுன்ட்டரில் சொன்னால், ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளும் தர வேண்டும் என்று சொல்லியிருக்கிற கணக்கு அது என்று சொல்லி மேலாளரைப் பாருங்கள்.

மைக்ரோ ஃபைனான்ஸ் தவணைக்குத் தானாகப் பிடித்துக்கொள்ள அனுமதி கொடுத்த கணக்காக அது இருக்கக்கூடாது. சம்பளம் ஐந்து நாள் தாமதமானால், காலியான கணக்கில் தவணை திரும்பும், அதற்கு அபராதம் விழும். அடுத்த சம்பளம் ஏறியதும் முதல் பங்கு அந்த அபராதத்துக்குப் போகும். ஒப்பந்ததாரர் தாமதித்ததற்குத் தண்டனை தொழிலாளிக்கு. கடன் தவணைக்கு வேறு கணக்கு வைத்துக்கொள்வது நல்லது.

தாமதம் என்றதும் ரொக்கத்தின் பக்கம் நின்று ஒன்று சொல்ல வேண்டும். கட்டிட வேலைக்கோ நடவுக்கோ நாள் கூலிக்குப் போகிறவருக்கு அன்றைய சாயந்திரக் காசுதான் அன்றைய அரிசி. நாள் கூலியை அன்றைய வேலை முடியும்போதே கொடுக்க வேண்டும் என்றுதான் சட்டத் தொகுப்பும் சொல்கிறது. ‘வங்கியில் போடுகிறோம்’ என்று சொல்லி அதை வாரக் கணக்குக்கோ மாதக் கணக்குக்கோ தள்ளினால், அது பாதுகாப்பு அல்ல, தொழிலாளியிடம் வட்டியில்லாக் கடன் வாங்குவது. அவர்களுக்கு அன்றே கைபேசி வழியாகப் பணம் அனுப்பினால் பதிவும் நிற்கும், அரிசியும் வரும். வீட்டு வேலைக்குப் போகும் பெண்களில் சிலர் இப்படி வாங்கத் தொடங்கியிருக்கிறார்கள், அனுப்புகிற வீட்டுக்காரர் பெயர் அதில் பதிவாகிறது. மாதச் சம்பளக்காரருக்கு வரம்பு வேறு: அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள் கொடுத்தாக வேண்டும். வேலையை விட்டு நீக்கினால் இரண்டு வேலைநாளுக்குள். ‘நகராட்சியிலிருந்து பில் வரலை, சர்வர் வேலை செய்யலை’ என்பவை ஒப்பந்ததாரருக்கும் நகராட்சிக்கும் இடையிலான பிரச்சினைகள். ஏழாம் தேதியை அவை தள்ளிவைக்காது. எட்டாம் தேதி பாஸ்புக்கை அச்சடித்தால், வரவு இல்லாத அந்த வெற்று வரியே தாமதத்துக்குச் சாட்சி. ரொக்கத்தில் தாமதத்துக்குச் சாட்சியே கிடையாது, பதிவேட்டில் எப்போதும் ஐந்தாம் தேதிதான் போட்டிருக்கும்.

இங்கே வந்திருக்கும் சங்கத் தோழர்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். உங்கள் பகுதியில் ஒரே ஒப்பந்தத்தில் வேலை செய்யும் பத்துப் பேரைத் தேர்ந்தெடுங்கள். மூன்று மாதத்துக்கு அவர்களின் காலண்டர் தாள், வங்கிப் பாஸ்புக், பி.எஃப். குறுஞ்செய்தி மூன்றையும் ஒரு கோப்பில் சேருங்கள். நாலாவது மாதம் நான் மேலே சொன்ன தகவல் உரிமை மனுவைப் போடுங்கள். பதில் வந்ததும் நான்கு தாள்களிலும் உள்ள நாள் எண்ணிக்கையை ஒரே வரிசையில் எழுதிப் பாருங்கள். எண்கள் ஒத்துப்போனால் அந்த ஒப்பந்ததாரரிடம் வேறு கோரிக்கை பேசலாம். ஒத்துப்போகாவிட்டால் அந்த ஒரு பக்கத் தாளை எடுத்துக்கொண்டு தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போங்கள். போகும்போது அந்தப் பத்துப் பேரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.